யாருக்கு, எவ்வளவு: ஒதுக்கீட்டுக்கு நீதிமன்றம் போடும் இரண்டு கோடுகள்

எங்கட ஆக்களிட்ட 'கோட்டா' எண்டு சொன்னால் அடுத்த வசனம் அனேகமாக 'தரப்படுத்தல்' எண்டுதான் வரும். அதோட கதை முடிஞ்சுபோகும். மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றிய பிள்ளைக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றிய பிள்ளைக்கு 229 புள்ளியும் வைத்த எழுபதுகளின் தொடக்கம், ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளே ஒரு குழப்பமும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 'எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துறதுதான் சமத்துவம், அதுக்கு மேல எது செய்தாலும் அநியாயம்' என்ற முடிவுக்கு எங்களில் பலர் வந்துவிட்டோம். இதே முடிவை இந்தியாவில் இடஒதுக்கீட்டை எதிர்க்கிற உயர்சாதிக்காரரும் சொல்லுகினம். நாங்கள் அவர்களோடு ஒரே வாங்கில் போய் இருக்கிறம் எண்டது பலருக்குத் தெரியிறதில்லை.

ஒதுக்கீடு சரியா பிழையா என்ற பட்டிமன்றத்தில் எங்களுக்கு ஆர்வமில்லை. எந்த ஒதுக்கீடு நிற்கும், எது விழும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் எங்கட கேள்வி. இதில் அதிக அனுபவம் உள்ள இடம் இந்தியா. எழுபது வருசத்துக்கு மேலாக அங்க நீதிமன்றங்கள் ஒதுக்கீட்டுக்கு எல்லை போட்டு, அழித்து, திரும்பப் போட்டு வந்திருக்கின்றன. அந்த எல்லைகள் எல்லாவற்றையும் இரண்டு கேள்விக்குள் அடக்கலாம். ஒன்று 'எவ்வளவு?'. மற்றது 'யாருக்கு?'. முதல் கேள்வியில் நீதிமன்றம் தடுமாறியிருக்கிறது என்றும், இரண்டாவதில்தான் எங்களுக்கு உதவக்கூடிய விஷயம் இருக்கிறது என்றும் நாங்கள் நினைக்கிறம்.

(வாசிக்க முதல் ஒரு சின்ன எச்சரிக்கை. நாங்கள் உயர் நீதிமன்றம் எண்டு சொல்லுறதை இந்தியத் தமிழில் உச்ச நீதிமன்றம் என்பார்கள். அவர்களின் உயர் நீதிமன்றம் மாநில மட்டத்தில் உள்ளது. இதைக் கவனிக்காமல் தமிழ்நாட்டுப் பத்திரிகை வாசித்தால் தலை சுத்தும்.)

கதை தொடங்கிறதே ஒரு தமிழ் ஊரில்தான். அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணை ஒன்றின்படி பிரித்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அன்றைக்கு ஹரிஜனர் எண்டு குறிப்பிட்ட தலித்துகளுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் இது தன் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று வழக்குப் போட்டார். (அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. வழக்கு அதற்காக நிற்காமல் போகவில்லை.) 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைத் தூக்கி எறிந்தது. சாதி, மதம் பார்த்து ஒருவருக்குக் கல்லூரி இடத்தை மறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதுதான் ஏட்டுச் சமத்துவம். எல்லாருக்கும் ஒரே கோடு, ஒரே தூரம், ஒரே விசில். ஓடத் தொடங்கும்போது யார் எங்க நிண்டவை எண்டு கேக்கிறதில்லை. தமிழகத்தில் போராட்டம் வெடித்தது. இரண்டு மாதத்தில் இந்தியா தன் அரசியலமைப்பை முதல் தடவையாகத் திருத்தி 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு விசேட ஏற்பாடு செய்யலாம், சமத்துவ உரிமை அதற்குத் தடையில்லை என்பது அதன் பொருள். வசனத்தைக் கவனியுங்கள். 'பின்தங்கிய' என்ற சொல் உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஒதுக்கீடும் அந்தச் சொல்லை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இனி 'எவ்வளவு' என்ற கேள்வி. 1962இல் மைசூர் அரசு பின்தங்கியவருக்கு 28, மிகப் பின்தங்கியவருக்கு 22, பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 3 என்று மொத்தம் 68 சதவீதத்தை ஒதுக்கியது. அதே வருடம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. விசேட ஏற்பாடு என்பது விதிவிலக்கு, விதிவிலக்கு விதியை விழுங்கக்கூடாது, ஆகவே பொதுவாகப் பார்த்தால் அது பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்னது. 50 என்ற எண் இப்படித்தான் பிறந்தது. சனத்தொகைக் கணக்கில் இருந்து வரவில்லை, ஆய்வில் இருந்தும் வரவில்லை. 'பொதுவாகப் பார்த்தால்' என்ற சொல்லோடு வந்த எண் அது.

1975இல் தாமஸ் வழக்கில் இந்த அடித்தளமே ஆட்டம் கண்டது. ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு இல்லை, அது சமத்துவத்தின் ஒரு வடிவம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியானால் விதியை விதிவிலக்கு விழுங்கிற பேச்சுக்கே இடமில்லை. தர்க்கப்படி 50 அன்றைக்கே போயிருக்க வேணும். ஆனால் 1992இல் மண்டல் வழக்கில், அதாவது இந்திரா சாஹ்னி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒதுக்கீடு விதிவிலக்கு இல்லைத்தான், ஆனாலும் 50ஐத் தாண்டக்கூடாது, மிகவும் ஒதுங்கிய பிரதேசம் போன்ற அசாதாரண நிலைமையில் மட்டும் கொஞ்சம் தளரலாம். ஏற்கெனவே பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் இருந்தது 22.5. புதிதாக வந்த இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27. கூட்டிப் பாருங்கோ, 49.5. மத்திய அரசு இந்த 27ஐச் சனத்தொகையைப் பார்த்து எடுக்கவில்லை. கூரை எவ்வளவு உயரமோ அதுக்கு ஏற்ற மாதிரி ஆளின்ர உயரத்தை வெட்டின கதை.

தமிழ்நாடு இந்தக் கூரைக்குக் கீழே வர மறுத்தது. அங்க ஏற்கெனவே 69. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதி 18, பழங்குடி 1. 1993இல் அதைச் சட்டமாக்கி, அடுத்த வருடம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். நீதிமன்றத்தின் கை இலகுவில் எட்டாத பரண் அது. தமிழ்நாட்டின் மருத்துவமும் பொறியியலும் இதனால் இடிந்து விழவில்லை.

இந்த 50ஐ நாங்கள் நம்பாததுக்குக் கடைசிக் காரணம் அண்மையில் நடந்த இரண்டு தீர்ப்புகள். 2021 மே மாதம் மராட்டியருக்கான ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. 50ஐத் தாண்டுகிறது, அசாதாரண நிலைமை எதுவும் காட்டப்படவில்லை என்பது முக்கிய காரணம். அடுத்த வருடம் நவம்பரில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் வழக்குக்கு வந்தது. அதைச் சேர்த்தால் மத்தியில் மொத்தம் 59.5. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 50 என்பது வளையாத கோடு இல்லை, அது பழைய வகை ஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றது பெரும்பான்மை. இந்தப் பத்து சதவீதத்துக்குள்ளே ஏழைத் தலித்தோ, ஏழைப் பழங்குடியோ, ஏழைப் பிற்படுத்தப்பட்டவரோ வர முடியாது. வறுமைக்கான ஒதுக்கீட்டில் மிக வறிய சமூகங்களுக்கு இடமில்லை. நீதிபதி ரவீந்திர பட்டும் அன்றைய தலைமை நீதிபதி லலித்தும் இதைத்தான் எதிர்த்து எழுதினார்கள். பின்தங்கியவருக்கு இரும்பாக இருந்த கோடு மற்றவருக்கு இறப்பராக மாறினால், அது கோடு இல்லை.

சரி, 'எவ்வளவு' என்றதை விடுவம். 'யாருக்கு' என்ற கேள்விக்கு வந்தால் கதை மாறுது. தமிழ்நாட்டிலேயே நடந்த இரண்டு உள் ஒதுக்கீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒன்று நின்றது, மற்றது விழுந்தது. இரண்டும் மொத்த 69ஐத் தொடவில்லை. உள்ளே இருந்ததைத்தான் பிரித்தன.

முதலாவது அருந்ததியர் ஒதுக்கீடு. பட்டியல் சாதிகளுக்குள்ளேயே கீழே தள்ளப்பட்ட சமூகம். மலக்குழியும் குப்பையும் இவர்களின் தலையில் கட்டப்பட்ட தொழில். 18 சதவீத ஒதுக்கீடு இருந்தாலும் அந்த இடங்கள் அவர்களுக்கு வந்து சேரவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஜனார்த்தனம் குழு இதை ஆராய்ந்தது. 2009இல் 18க்குள் 3 அவர்களுக்கெனத் தனியாக வைக்கப்பட்டது. பட்டியல் சாதியைப் பிரிக்கவே கூடாது என்று 2004இல் ஒரு தீர்ப்பு இருந்தபடியால் இது பல வருசம் தொங்கியது. 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் பழைய தீர்ப்பை மாற்றியது. பிரிக்கலாம், ஆனால் அந்தப் பிரிவு உண்மையிலேயே போதிய இடம் பெறவில்லை என்பதைத் தரவோடு காட்ட வேண்டும், அரசியல் வசதிக்காகப் பிரிக்க முடியாது என்றது. அருந்ததியர் ஒதுக்கீடு நின்றது.

இரண்டாவது வன்னியர் ஒதுக்கீடு. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20இல் 10.5ஐ வன்னியர் என்ற ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுத்து, மிச்சத்தை மற்ற 115 சமூகங்களுக்குப் பிரித்தது 2021ஆம் ஆண்டின் சட்டம். அது சட்டசபையில் நிறைவேறியது பெப்ரவரி 26ஆம் திகதி. தேர்தல் திகதி அறிவிக்கப்பட்டதும் அதே நாள். தற்செயல் எண்டு நினைக்கிறவை நினைக்கலாம். நவம்பரில் மதுரைக் கிளை அதை இரத்துச் செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. பிரிக்கிறதே பிழை எண்டு நீதிமன்றம் சொல்லவில்லை. வன்னியர் மற்ற 115 சமூகங்களைவிட எந்த வகையில் வேறுபட்டவர், எந்த வகையில் கூடப் பின்தங்கியவர் என்பதைக் காட்டவில்லை என்றது. அரசு முன்வைத்தது எண்பதுகளில் அம்பாசங்கர் ஆணைக்குழு எடுத்த சனத்தொகைக் கணக்கு. எத்தனை பேர் இருக்கினம் எண்டது வேறு, எவ்வளவு பின்தங்கியிருக்கினம் எண்டது வேறு. தலையை எண்ணி ஒதுக்கீடு கேட்டால் அது வாக்கு வங்கிக் கணக்கு.

இந்த இரண்டு வழக்கையும் கையில் வைத்துக்கொண்டு எங்கட தரப்படுத்தலைப் பாருங்கோ. மொழிமூலத்தை வைத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைத்தது வன்னியர் வழக்கின் சோதனையில் ஒரு நிமிடம்கூட நிற்காது. கொழும்பின் பெரிய பாடசாலையில் சிங்களத்தில் படித்த பிள்ளையும் மொனராகலையில் சிங்களத்தில் படித்த பிள்ளையும் ஒரே சலுகையைப் பெற்றார்கள். மன்னாரில் தமிழில் படித்த பிள்ளையும் யாழ் நகரில் படித்த பிள்ளையும் ஒரே தண்டனையைப் பெற்றார்கள். பின்தங்கியவர் யார் என்ற கேள்வியே அங்க கேட்கப்படவில்லை. பெரும்பான்மை எந்த மொழி என்பதுதான் பார்க்கப்பட்டது.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு பிறவி. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அதில் இழப்பு. ஆனால் அதுவரை கம்பஸ் வாசலையே காணாத மாவட்டங்களுக்கு, அதில் தமிழ், முஸ்லிம் பிள்ளையள் படிக்கிற மாவட்டங்களுக்கும், அதுதான் கதவு. இரண்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டினது யாழ்ப்பாணத்தை மட்டும் தமிழர் எண்டு நினைக்கிற பழக்கம். இது சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்றைய முறை இப்படி. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 1000 இடம் இருப்பதாக வைத்தால், 400 நாடளாவிய திறமைக்கு. 550 மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரியும். 50 கல்வியில் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். ஆக 60 சதவீதம் திறமைப் பட்டியலுக்கு வெளியே. இந்திய நீதிமன்றத்தின் 50ஐ இங்க கொண்டுவந்தால் எங்கட பல்கலைக்கழக அனுமதி முழுதும் சட்டவிரோதம். எங்கட உயர் நீதிமன்றம் 1980இல் செனவிரத்ன வழக்கில் இதே மாதிரியான பங்கீட்டை, அன்றைக்கு 30, 55, 15, ஏற்றுக்கொண்டது. கல்விக்குச் சமமான வாய்ப்பு என்ற அரசியலமைப்பின் வழிகாட்டிக் கோட்பாட்டையும் கருத்தில் எடுத்தது. 'எவ்வளவு' என்ற கேள்வியில் எங்கட நீதிமன்றம் கூடத் தெளிவாக இருந்தது எண்டுதான் சொல்லுவம்.

ஆனால் 'யாருக்கு' என்ற கேள்வி இங்க மாவட்ட எல்லையோடு நிண்டுபோகுது. நுவரெலியாவை எடுங்கோ. 2012 கணக்கெடுப்பில் ஏழு இலட்சத்துக்குச் சற்றுக் கூட, நாட்டின் ஏறத்தாழ 3.5 சதவீதம். மேலே சொன்ன 550இல் அதன் பங்கு 19 இடமளவில் வரும், பின்தங்கிய மாவட்டப் பங்கில் இன்னும் சில. அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர், அதில் பெரும்பகுதி மலையகத் தோட்ட மக்கள். அப்ப இந்த இடங்கள் லயத்துப் பிள்ளைக்குத்தானே போக வேணும்? அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை. அதே 19க்கு நகரத்து நல்ல பாடசாலைப் பிள்ளையும் போட்டி. வெட்டுப்புள்ளி குறைவு எண்டு பார்த்து உயர்தரத்துக்குச் சில வருசம் முதலே வெளி மாவட்டத்தில் இருந்து பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிற பெற்றோரும் உண்டு. அதைத் தடுக்கிறதுக்கு மூன்று வருட விதி இருக்கு. மூன்று வருடம் முன்கூட்டித் திட்டம் போடக்கூடிய வசதி ஆருக்கு இருக்கும் எண்டு யோசியுங்கோ.

இதைவிடப் பெரிய அடைப்பு கீழே இருக்கு. எங்கட பாடசாலைகளில் 1ஏபி தரத்தில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சி எண்டால் கலையும் வர்த்தகமும் மட்டும். அதுக்குக் கீழே உயர்தரமே இல்லை. தோட்டங்களுக்குள்ளே இருக்கிற பாடசாலைகளில் 1ஏபி மிகச் சொற்பம். பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பிள்ளைக்கு மருத்துவ பீடத்தில் மாவட்ட ஒதுக்கீடு எண்டது எட்டாத கொம்பில் கட்டின தேன்கூடு. அது இன்னொருவருக்குத்தான் வடியும். ஒதுக்கீடு செய்யக்கூடியதின் எல்லையும் இதுதான். வாசலில் நிற்கிறவரை உள்ளே எடுக்கலாம், வாசலுக்கு வராதவரை அது ஒன்றும் செய்யாது.

அருந்ததியருக்குச் செய்த மாதிரி மலையகப் பிள்ளைக்கு உள் ஒதுக்கீடு வைக்கலாமே எண்டு கேட்டால், எங்கட அரசியலமைப்பில் ஒரு சிக்கல். 12(4) பிரிவு பெண்கள், சிறுவர், வலுவிழந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கான விசேட ஏற்பாட்டை மட்டும்தான் பெயர் சொல்லி அனுமதிக்குது. இந்தியாவின் 15(4)இல் உள்ள 'பின்தங்கிய வகுப்பினர்' இங்க இல்லை. 12(2)இலோ இனம், சாதி, மொழி, பிறந்த இடம் எல்லாம் பாகுபாடு காட்டக்கூடாத பட்டியலில் இருக்கு. மலையகத் தமிழர் என்ற பெயரில் ஒதுக்கினால் முதல் நாளே வழக்கு வரும்.

ஆனால் வேறு வழி இருக்கு, அதையும் தமிழ்நாடுதான் காட்டியது. 2020இல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு ஒதுக்கினார்கள். நீட் பரீட்சை வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் உள்ளே போனார்கள் என்பதை ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழுவின் ஆய்வு அரசுக்குக் காட்டியிருந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது, ஐந்து வருடத்தில் மீளாய்வு செய்யச் சொல்லியும் வைத்தது. இங்க அளவுகோல் சாதி இல்லை, ஊர் இல்லை, எந்தப் பாடசாலையில் எத்தனை வருசம் படித்தார் என்பது. எங்கட 12(2) பட்டியலில் பாடசாலை இல்லை. நியாயமான வகைப்படுத்தல் எண்டு மாவட்ட ஒதுக்கீட்டை ஏற்ற அதே தர்க்கம் இதுக்கும் பொருந்தும் எண்டு வாதாடலாம். பின்தங்கிய மாவட்டப் பங்கில் ஒரு பகுதியை, தரம் 6 முதல் தோட்டப் பாடசாலையிலோ கஷ்டப் பிரதேசப் பாடசாலையிலோ படித்தவருக்கு என்று வைத்தால், முல்லைத்தீவிலும் மொனராகலையிலும் உள்ள பிள்ளைக்கும் அது சேரும். மூன்று வருடத்துக்கு முன் வந்து இறங்கிறவருக்குச் சேராது.

இதுக்கு முதலில் தேவை ஒரு கணக்கு. கடந்த பத்து வருடத்தில் நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனவர்கள் தரம் 6இல் எந்தப் பாடசாலையில் இருந்தார்கள்? விண்ணப்பப் படிவங்களும் பாடசாலைப் பதிவேடுகளும் அரசிடம்தான் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் இருந்து இருக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அந்தக் கேள்வியை, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, எழுத்தில் அனுப்பலாம்.